கடைசி உயில்தான் செல்லும்

மாதக் கடைசியில் கணக்கை ஒத்துப் பார்த்தபோது பில்களில் ஒரு பைசா, இரண்டு பைசா உதைத்தது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம், இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 18 சதவீத வரி உள்ள ஒரு பொருள், விலை 12 ரூபாய் 35 காசு. நான்கு வாங்கினால் 49.40. அதற்கு வரி 8.892, அதாவது 8 ரூபாய் 89 காசு. பில்லிலோ 8.88 என்று விழுந்திருந்தது. மொத்தத் தொகைக்கு வரி போடாமல் ஒரு பொருளுக்குப் போட்டு, வந்த 2.223-ஐ 2.22 என்று வெட்டி, அதை நான்கால் பெருக்கியிருந்தது நிரல்.

ஒரு பைசாவுக்கு யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பில் போகிற இடத்தில் கணக்காளருக்குத் தூக்கம் போய்விடும். தோண்டிப் பார்த்தோம். மூன்று வாரத்துக்கு முன்னால், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு இளைஞர் அந்தக் கணக்கீட்டை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்குள் வைத்திருந்தார். வைக்கும்போது ரவுண்டு பண்ணுகிற வரி ஒரு படி முன்னால் வந்துவிட்டது. அது அவர் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை, இப்படி நடக்கும் என்றுதானே இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே எதையும் சேர்க்கிறோம்? இதையும் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார். பச்சை டிக் இருந்தது.

பில்லிங் குழுவின் தலைவி, அந்தக் கணக்கை முதன்முதலில் எழுதியவர், என் திரையைக் குனிந்து பார்த்தார். “இத நான் பார்த்ததே இல்லயேப்பா. என்கிட்ட வரவே இல்ல.”

வந்திருக்க வேண்டும். பில்லிங் சம்பந்தப்பட்ட எந்த மாற்றமும் அவர் குழுவுக்குத்தான் போக வேண்டும் என்று எழுதிவைத்த ஃபைல் ஒன்று இருந்தது. அந்த வரியை யாரும் அழிக்கவில்லை. அப்படியே இருந்தது. செல்லுபடியாகத்தான் இல்லை.

அந்த ஃபைலின் பெயர் `CODEOWNERS`. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஒரு மென்பொருளின் நிரல் முழுவதும் ரெப்போ என்று நாங்கள் சொல்லும் ஒரு களஞ்சியத்தில் இருக்கும். வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் பிரதிக்குப் பெரும்பாலும் `main` என்று பெயர். அதில் யாரும் நேராகக் கைவைக்காமல் தனியாக ஒரு கிளை பிரித்து, அதில் மாற்றங்களைச் செய்து, “இதை `main`-இல் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்டு விண்ணப்பம் போடுவார்கள். அதுதான் புல் ரிக்வெஸ்ட். யாராவது அதை வரிவரியாகப் படித்து ஒப்புதல் கொடுத்தால் சேர்ப்பார்கள், அதாவது மெர்ஜ் செய்வார்கள்.

இதில் ‘யாராவது’ என்ற சொல்லில்தான் சிக்கல். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் யார் எதைப் பார்ப்பது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐம்பது பேர் ஆனதும், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் “கொஞ்சம் அப்ரூவ் பண்ணிடேன்” என்பதே வழக்கமாகிவிடும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு வரிக் கணக்கு தெரியுமா என்பது வேறு விஷயம்.

இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தவர்கள் குரோமியம் திட்டத்தினர். கூகுள் குரோம் உலாவிக்கு அடித்தளமாக இருக்கும் திறமூல நிரல் அது. அங்கே ஃபோல்டர்களுக்குள் `OWNERS` என்று ஒரு ஃபைல் வைத்து, இந்த இடத்துக்குப் பொறுப்பு யார் யார் என்று எழுதிவைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் கிட்ஹப் 2017 ஜூலையில் தன் தளத்தில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். குரோமியத்தில் பொறுப்பு ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரிந்து கிடக்கும். மேல் ஃபோல்டரின் பொறுப்பாளர், வேண்டாம் என்று குறிப்பாக எழுதிவைக்காத வரை, கீழ் ஃபோல்டருக்கும் ஒப்புதல் தரலாம். கிட்ஹப்பிலோ முழு ரெப்போவுக்கும் ஒரே ஃபைல். எல்லாப் பொறுப்பும் ஒரே பட்டியலில், ஒன்றன்கீழ் ஒன்றாக. எங்கள் ஒரு பைசா தொலைந்தது இந்த வித்தியாசத்தில்தான்.

எங்கள் ஃபைலைச் சுருக்கி, பெயர்களை மாற்றித் தருகிறேன்:

```
*            @angadi/pothu
/billing/    @angadi/kanakku
/web/        @angadi/thirai
*.sql        @angadi/dba
*.py         @angadi/python
```

இடப்பக்கம் ஃபைல்களின் பாதை, வலப்பக்கம் பொறுப்பாளர். பொறுப்பாளர் தனி நபராகவும் இருக்கலாம், குழுவாகவும் இருக்கலாம். முதல் வரியில் உள்ள நட்சத்திரக் குறி எல்லா ஃபைலுக்கும் பொருந்தும், வேறு யாரும் இல்லாவிட்டால் பொதுக் குழு பார்க்கட்டும் என்று அர்த்தம். `/billing/` ஃபோல்டரில் உள்ளவை கணக்குக் குழுவுக்கு. `/web/` திரைக் குழுவுக்கு. எந்த ஃபோல்டரில் இருந்தாலும் சரி, `.sql` என்று முடிந்தால் தரவுத்தளக் குழுவுக்கு. கடைசி வரி, `.py` என்று முடியும் பைத்தான் ஃபைல்களெல்லாம் பைத்தான் நடை பார்க்கும் குழுவுக்கு.

இப்போது `billing/tax/slab.py` என்ற ஃபைலை ஒருவர் மாற்றுகிறார். யாருக்கு அழைப்பு போகும்? இந்தக் கேள்வியை அன்று ஒரு அறையில் இருந்த ஆறு பேரிடம் கேட்டேன். நான்கு பேர், கணக்குக் குழுவுக்கும் பைத்தான் குழுவுக்கும் இரண்டு பேருக்கும் போகும் என்றார்கள். படிப்பவர் மனம் இயல்பாக அப்படித்தான் கூட்டிக்கொள்ளும், இரண்டு வரியும் பொருந்துகிறதே! ஆனால் கிட்ஹப் கூட்டுவதில்லை. ஒரு ஃபைலுக்குப் பல வரிகள் பொருந்தினால், அவற்றில் கடைசியாக இருக்கும் வரி மட்டுமே செல்லும். மேலே உள்ளவை அந்த ஃபைலைப் பொறுத்தவரை இல்லாத மாதிரி.

தாத்தா இரண்டு உயில் எழுதிவைத்துவிட்டுப் போன வீடுகளில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசி உயில்தான் செல்லும். முதல் உயிலில் பெரியப்பாவுக்குக் கிணற்றடி நிலம் என்று எழுதியிருந்தாலும், அதைப் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தாலும் பயனில்லை. எங்கள் ஃபைலிலும் கணக்குக் குழுவின் வரி பீரோவில் பத்திரமாக இருந்தது.

கடைசி வரியைச் சேர்த்தவர் நல்லெண்ணத்தோடுதான் சேர்த்தார். பைத்தான் நிரல் எங்கும் ஒரே நடையில் இருக்க வேண்டும் என்று நான்கு பேர் கொண்ட ஒரு குழு புதிதாக அமைந்திருந்தது. புதிதாக எதையும் பட்டியலின் கடைசியில் சேர்ப்பதுதானே மனித வழக்கம்? மளிகைச் சீட்டில் சேர்ப்பது போல அடியில் ஒரு வரி சேர்த்தார். அந்த நிமிடத்தில் பில்லிங் ஃபோல்டரில் உள்ள அத்தனை பைத்தான் ஃபைலும் கணக்குக் குழுவின் கையை விட்டுப் போயின. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, வரவும் முடியாது. கிட்ஹப்பைப் பொறுத்தவரை அது இலக்கணம் பிசகாத, அர்த்தமுள்ள, நிறைவேற்றக்கூடிய கட்டளை. அழைப்பு முறையாகப் போனது, பைத்தான் குழு முறையாகப் பார்த்தது, நடை சரியாக இருந்ததால் ஒப்புதல் தந்தது. கணக்குக் குழுவுக்கோ வேலை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. வராத அழைப்பைப் பற்றி யார் புகார் செய்வார்கள்?

திருத்தம் எளிது என்று முதலில் நினைத்தோம். பொதுவானவை மேலே, குறிப்பானவை கீழே. `*.py` வரியை இரண்டாவது இடத்துக்கு ஏற்றிவிட்டால் பில்லிங் ஃபோல்டரின் வரி அதற்குக் கீழே வந்து வென்றுவிடும். சரிதான். ஆனால் `*.sql` வரியைப் பார்த்ததும் தலை சொறிய ஆரம்பித்தோம். `billing/migrations/0042_tax.sql` என்ற ஃபைல் யாருடையது? அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்தால் தரவுத்தளம் திணறுமா என்று பார்க்க தரவுத்தளக் குழு வேண்டும். அந்தப் பத்தியில் வரியைப் பைசாவாகச் சேமிப்பதா ரூபாயாகச் சேமிப்பதா என்று பார்க்கக் கணக்குக் குழு வேண்டும். எந்த வரியை மேலே ஏற்றினாலும் ஒருவர் விடுபடுவார்.

இருவரையும் ஒரே வரியில் எழுதலாம்:

```
/billing/**/*.sql   @angadi/kanakku @angadi/dba
```

இப்போது இரண்டு குழுவுக்கும் அழைப்பு போகும். ஆனால் யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும் என்றுதான் கிட்ஹப் இந்த வரியைப் புரிந்துகொள்ளும். இருவர் கையெழுத்தும் கட்டாயம் என்று சொல்ல இந்த ஃபைலில் வழியே கிடையாது. கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டாலே கிரயம் முடிந்துவிடும் என்பது மாதிரி. தேவையான ஒப்புதல்களின் எண்ணிக்கையை இரண்டாக உயர்த்தலாமே என்று ஒருவர் கேட்டார். உயர்த்தலாம். ஆனால் அந்த இரண்டும் கணக்குக் குழுவிலிருந்தே வந்தாலும் கதவு திறந்துவிடும். எண்ணிக்கை வேறு, யார் என்பது வேறு.

இந்த ஓட்டையை கிட்லேப் வேறு விதமாக அடைத்திருக்கிறது. அங்கே ஃபைலைப் பகுதிகளாகப் பிரிக்கலாம்:

```
[Kanakku]
/billing/    @angadi/kanakku

[Database]
*.sql        @angadi/dba
```

கடைசி வரிதான் செல்லும் என்ற விதி அங்கேயும் உண்டு, ஆனால் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் தனித்தனியாக. அதனால் மேலே சொன்ன ஃபைலுக்கு இரண்டு பகுதியும் பொருந்தி, இரண்டு குழுவின் ஒப்புதலும் தேவைப்படும். இந்த ஒரு விஷயத்தில் கிட்லேப்பின் யோசனை மேல் என்பது என் கட்சி. ஆனால் இது அங்கே காசு கட்டுகிறவர்களுக்கான வசதி. கிட்ஹப்பும் பின்னாளில் ரூல்செட் என்ற வசதிக்குள், இன்ன ஃபைல்களுக்கு இன்ன குழுவின் ஒப்புதல் கட்டாயம் என்று தனியாக விதி வைக்க வழி செய்திருக்கிறது. எங்களுக்கு அன்று அது இல்லை. பில்லிங் ஃபோல்டரின் `.sql` ஃபைல்களுக்கு மட்டும் இரண்டு குழுவையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, மற்றவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று வாய்மொழியாகப் பேசி வைத்தோம். வாய்ப்பேச்சு எத்தனை நாள் நிற்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை ‘அழைப்பு’ என்றே சொல்லிவந்தேன். காரணம் இருக்கிறது. `CODEOWNERS` ஃபைலை மட்டும் எழுதி வைத்தால் கிட்ஹப் செய்வது அழைப்பது ஒன்றுதான். புல் ரிக்வெஸ்ட் திறந்ததும், மாறிய ஃபைல்களைப் பார்த்து, உரியவர்களை ரிவ்யூவர் பட்டியலில் தானாகப் போட்டு அஞ்சல் அனுப்பும். அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. கல்யாணப் பத்திரிகை அனுப்பியாயிற்று, மாமா வந்தாலும் வராவிட்டாலும் முகூர்த்தம் நடக்கும். மாமா வந்தால்தான் தாலி என்று ஆக்க வேண்டுமானால் அதற்குப் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அதுதான் `main` கிளையைப் பாதுகாக்கப்பட்ட கிளையாக்கும் அமைப்பு.

அங்கே பெட்டிகள் பல உண்டு, நான் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். `Require review from Code Owners` என்ற பெட்டியில் டிக் போட்டால்தான் அழைப்பு கட்டாயமாக மாறும். அப்போது, ஒரு புல் ரிக்வெஸ்டில் மூன்று குழுக்களின் ஃபைல்கள் மாறியிருந்தால், மூன்று குழுவிலிருந்தும் தலா ஒருவராவது ஒப்புக்கொண்டால்தான் மெர்ஜ் பொத்தான் உயிர் பெறும். பொதுக் குழுவில் பத்து பேர் டிக் போட்டிருந்தாலும் கணக்குக் குழு போடாதவரை பொத்தான் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். விண்ணப்பம் போட்டவர் தனக்குத் தானே ஒப்புதல் தர முடியாது. ஒரு ஃபோல்டருக்கு ஒரே ஒரு நபரைப் பொறுப்பாளராக எழுதிவைத்தவர்கள் இதை வலியோடு கண்டுபிடிப்பார்கள்: அந்த நபரே அந்த ஃபோல்டரை மாற்றினால் ஒப்புதல் தர உலகத்தில் யாரும் இல்லை. அதனால்தான் நபரை எழுதாமல் குழுவை எழுத வேண்டும், குழுவில் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

இரண்டாவது பெட்டி, `Dismiss stale pull request approvals when new commits are pushed`. பெயர் நீளம், விஷயம் சின்னது. திங்கட்கிழமை கணக்குக் குழு பார்த்து ஒப்புக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை அதே புல் ரிக்வெஸ்டில் இன்னும் நாற்பது வரி சேர்க்கிறார்கள். இந்தப் பெட்டியில் டிக் இல்லையென்றால் திங்கட்கிழமை கையெழுத்து செவ்வாய்க்கிழமை நிரலுக்கும் செல்லும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிக் போட்டால், நிரல் மாறியவுடன் பழைய ஒப்புதல் விழுந்துவிடும், மறுபடி பார்க்க வேண்டும். எரிச்சல்தான். ஒரு கமெண்டில் எழுத்துப்பிழை திருத்தினால்கூட மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கும். எங்கள் குழுவில் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பில்லிங் சம்பவத்துக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது, `Do not allow bypassing the above settings`. இதில் டிக் போடாதவரை, ரெப்போவின் நிர்வாகிகளுக்கு மேலே சொன்ன எந்தப் பூட்டும் பொருந்தாது. அவர்கள் நினைத்தால் நேராக மெர்ஜ் செய்யலாம். பல இடங்களில் மூத்தவர்கள் எல்லோருமே நிர்வாகிகளாக இருப்பார்கள். நள்ளிரவில் அவசரமாகத் திருத்துகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். பூட்டு இளையவர்களுக்கு மட்டும்தான் என்றால், அந்த இடத்தில் பூட்டு இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதைவிட இல்லை என்று ஒப்புக்கொள்வது நேர்மை.

சரி, பூட்டுப் போட்டாயிற்று. சாவி எங்கே இருக்கிறது? `CODEOWNERS` ஃபைலும் ரெப்போவுக்குள் இருக்கும் இன்னொரு ஃபைல்தானே, அதையும் புல் ரிக்வெஸ்ட் போட்டு மாற்றலாமே? இதை கிட்ஹப் பாதி தூரம் யோசித்து வைத்திருக்கிறது. யார் பொறுப்பு என்று முடிவுசெய்ய, விண்ணப்பத்தின் கிளையில் உள்ள ஃபைலைப் பார்க்காமல், அது போய்ச் சேரவிருக்கும் கிளையில், அதாவது `main`-இல், ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத்தான் பார்க்கும். ஆகவே ஒரே விண்ணப்பத்தில் கணக்குக் குழுவின் பெயரை நீக்கிவிட்டு பில்லிங் ஃபைலையும் மாற்றித் தப்பிக்க முடியாது. ஆனால் இரண்டு விண்ணப்பமாகப் போட்டால்? முதலாவது `CODEOWNERS` ஃபைலை மட்டும் மாற்றும். அந்த ஃபைலுக்கென்று தனிப் பொறுப்பாளர் இல்லையென்றால் எங்கள் முதல் வரியின்படி பொதுக் குழுவில் யாராவது ஒருவர் தலையசைத்தால் போதும். பிறகு இரண்டாவது விண்ணப்பம் திறந்த வீட்டில் நுழையும். எங்கள் `*.py` வரி நுழைந்ததும் இப்படித்தான், கள்ள எண்ணம் எதுவும் இல்லாமலே.

எனவே அந்த ஃபைலுக்கே ஒரு காவல் வேண்டும், அதுவும் வேறு எந்த வரியும் அதை மீற முடியாதபடி ஃபைலின் கடைசியில். இங்கே இன்னொரு நுணுக்கம். கிட்ஹப் இந்த ஃபைலை மூன்று இடங்களில் தேடும்: முதலில் `.github` ஃபோல்டர், பிறகு ரெப்போவின் மேல்மட்டம், பிறகு `docs` ஃபோல்டர். முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். உங்கள் ஃபைல் மேல்மட்டத்தில் இருந்து, அதற்கு மட்டும் காவல் போட்டிருந்தால், யாராவது `.github` ஃபோல்டரில் புதிதாக ஒன்றை உருவாக்கினால் பழையது சத்தமில்லாமல் செத்துப்போகும். நாங்கள் ஃபைலை `.github` ஃபோல்டருக்கு மாற்றி, அந்த ஃபோல்டர் முழுவதையும் காவலில் வைத்தோம்.

அப்போது இன்னொரு பழைய பிணமும் கிடைத்தது. ஒரு குழுவின் பெயர் பல மாதமாக ஃபைலில் இருந்தது, அழைப்பு ஒருமுறைகூட அவர்களுக்குப் போனதில்லை. காரணம், அந்தக் குழுவுக்கு அந்த ரெப்போவில் எழுதும் உரிமை இல்லை. பொறுப்பாளராக இருப்பவருக்கு எழுதும் உரிமை இருந்தே ஆக வேண்டும். குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் வேறு வழியில் அந்த உரிமை இருந்தாலும் போதாது, குழுவின் பெயருக்கே கொடுத்திருக்க வேண்டும். இது நல்லவேளையாகக் கண்டுபிடிக்கக்கூடிய பிழை. கிட்ஹப்பில் `CODEOWNERS` ஃபைலைத் திறந்து பார்த்தால் தவறான வரிகளைச் சுட்டிக்காட்டும். கட்டளையாகவும் கேட்கலாம்:

```
gh api repos/angadi/kadai/codeowners/errors
```

இல்லாத குழு, உரிமையில்லாத நபர், இலக்கணப் பிழை எல்லாம் இதில் வந்துவிடும். `.gitignore` எழுதிப் பழகியவர்கள் `!` போட்டு விலக்கு எழுதப் பார்ப்பார்கள். இங்கே அது செல்லாது. ஒரு ஃபோல்டரை விலக்க வேண்டுமானால் கீழே அதன் பாதையை மட்டும் எழுதி, பொறுப்பாளர் இடத்தைக் காலியாக விட வேண்டும். கடைசி உயில் என்ற விதி அங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்யும்.

ஆனால் எங்கள் ஒரு பைசாப் பிழை அந்தக் கட்டளைக்கு ஒருபோதும் சிக்கியிருக்காது. எழுதியது சரியா என்று இயந்திரம் சொல்லும், எழுத நினைத்தது அதுதானா என்று சொல்லாது. அதற்கு ஆள்தான் பார்க்க வேண்டும். நான் இப்போது கையாளும் முறை பழைய வில்லங்கம் பார்க்கும் முறைதான். இழந்தால் பணம் போகும் என்று சொல்லக்கூடிய பத்துப் பன்னிரண்டு ஃபைல்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று முதலில் நினைவிலிருந்து பக்கத்தில் எழுதுவேன். பிறகு கிட்ஹப்பில் அந்த ஃபைலைத் திறந்து, மேலே தெரியும் கேடயச் சின்னத்தின் மீது எலியை வைத்தால் உண்மையான பொறுப்பாளரைக் காட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஃபைலைக் கீழிருந்து மேலாகப் படிப்பேன். கீழிருந்து படிக்கும்போது முதலில் பொருந்தும் வரிதான் விடை, அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. மேலிருந்து படிக்கும்போதுதான் மனம் கூட்டல் போட ஆரம்பிக்கிறது.

எங்கள் ஃபைல் அந்த வாரக் கடைசியில் இப்படி ஆயிற்று:

```
*                   @angadi/pothu
*.py                @angadi/python
*.sql               @angadi/dba
/web/               @angadi/thirai
/billing/           @angadi/kanakku
/billing/**/*.sql   @angadi/kanakku @angadi/dba
/.github/           @angadi/thalaimai
```

பைத்தான் குழுவுக்கு இதில் மனக்குறை. பில்லிங் ஃபோல்டரின் பைத்தான் ஃபைல்கள் இப்போது அவர்களுக்குப் போவதில்லை. அவர்களையும் கணக்குக் குழுவோடு ஒரே வரியில் சேர்க்கலாமே என்று கேட்டார்கள். சேர்த்தால் அவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டாலே வரிக் கணக்கு மாறிவிடும், திரும்பவும் ஒரு பைசாவில் வந்து நிற்போம். நடையை ஆள் பார்க்க வேண்டியதில்லை, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நடை பார்க்கும் ஒரு நிரலை ஓட்டி, அது தேறினால்தான் மெர்ஜ் என்று விதி வைத்தோம். அந்த நான்கு பேர் குழு பிறகு மெல்லக் கலைந்தது.

பில்லிங் தலைவி ஒரே ஒரு மாற்றம் கேட்டார். `/billing/` வரிக்கு மேலே `#` போட்டு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். அது இன்னும் அங்கே இருக்கிறது: “இதற்குக் கீழே எதையும் சேர்க்கும் முன் என்னைக் கேட்கவும்.”